கொழுக்கட்டை ஏன் வெடித்தது? நம் செய்முறை அட்டைகள் குறித்து ஒரு மதிப்பீடு

எங்கள் பள்ளித் தமிழ்மொழிக் கழகத்தில் கொழுக்கட்டைப் பயிலரங்கு ஒன்று நடத்தினோம். வழிநடத்த வந்தவர் ஒரு மாணவியின் பாட்டி. அவருக்குத் துணையாக 14 படவில்லைகள் தயாரித்தது நான். அன்று எல்லாக் குழுவும் நன்றாகச் செய்தது. அந்தச் சூட்டோடு படவில்லைகளை எட்டுச் செய்முறை அட்டைகளாக மாற்றி, அச்சிட்டு, லேமினேட்டும் செய்துவிட்டேன்.

அடுத்த தவணையில் இரண்டாம் படிவ மாணவர்கள் அந்த அட்டைகளை மட்டும் வைத்துக்கொண்டு செய்தார்கள். பாட்டி இல்லை. ஐந்து குழுவில் மூன்று குழுவுக்கு மேல்மாவு வெடித்துவிட்டது. இன்னொரு குழுவுக்குப் பூரணம் ஒழுகியது. "டீச்சர், அட்டையில போட்ட மாதிரியேதான் செஞ்சோம்" என்றான் ஒரு மாணவன். போய்ப் பார்த்தேன். அவன் சொன்னது உண்மைதான். ஆக, பிழை பிள்ளைகளிடம் இல்லை, அட்டையில் இருக்கிறது. அந்த எட்டு அட்டைகளையும் ஒரு பனுவலாக எடுத்துக்கொண்டு, எங்கே தவறியது என்று பார்ப்பதே இந்தக் கட்டுரை.

படவில்லை சொல்லாததை யார் சொன்னார்?

முதல் பிழை மிக எளிமையானது. படவில்லையில் இருந்த வரிகளை அப்படியே வெட்டி அட்டையில் ஒட்டியிருந்தேன். ஐந்தாம் படவில்லையில் இருந்தது இவ்வளவுதான்: 'மாவு பிசைதல்' என்ற தலைப்பு, கைகள் மாவு பிசையும் படம், 'வெந்நீர் ஊற்றிப் பிசையவும்' என்ற ஒரு வரி.

அந்தப் படவில்லை திரையில் இருந்தபோது பாட்டி என்ன சொன்னார் தெரியுமா? ஒரு மாணவி கைப்பேசியில் எடுத்த காணொளியில் அது இருக்கிறது. "தண்ணி தளதளன்னு கொதிக்கணும்மா. ஊத்துனதும் கையை வெச்சிராதீங்க, கரண்டிக் காம்பால கிண்டிட்டு மூடி வைங்க. கை பொறுக்குற சூடு வந்ததும் பிசைங்க. ரொம்ப ஆறிப்போச்சுன்னா வெடிச்சிரும்."

இதில் நான்கு தகவல்கள் உள்ளன: நீர் எவ்வளவு சூடாக இருக்க வேண்டும், எதனால் கிளற வேண்டும், எவ்வளவு பொறுக்க வேண்டும், எப்போது பிசைய வேண்டும். அட்டைக்கு வந்து சேர்ந்தது 'வெந்நீர்' என்ற ஒரு சொல் மட்டும். அதுவும் தவறான சொல். வெந்நீர் என்றால் சுடுநீர். குளிக்கவும் குடிக்கவும் பயன்படுவது. மாணவர்கள் அறையிலிருந்த நீர் இயந்திரத்தின் சுடுநீர்க் குழாயைத் திறந்து பிடித்துக்கொண்டார்கள். அட்டைப்படி பார்த்தால் அது சரிதானே? தேவைப்பட்டதோ கொதிநீர். கோதுமை மாவில் இருப்பது போன்ற பசைப்புரதம் அரிசி மாவில் கிடையாது. கொதிநீர் பட்டு மாவுச்சத்து ஓரளவு வெந்தால்தான் அரிசி மாவு ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். சூடு போதாவிட்டால் பிசையும்போது சேர்ந்ததுபோல் இருக்கும். கிண்ணம்போல் விரிக்கும்போது விளிம்பு விரிசல் விடும். அந்த மூன்று குழுவுக்கும் நேர்ந்தது அதுதான்.

படவில்லை பேசுபவருக்குத் துணை. அவர் வாயால் சொல்லப்போவதை அதில் எழுத மாட்டோம். அட்டைக்குப் பக்கத்தில் பேசுபவர் யாரும் இல்லை. அதனால் அட்டையைப் படவில்லையிலிருந்து எழுதக்கூடாது. பேச்சிலிருந்து எழுத வேண்டும். பயிலரங்கைப் பதிவு செய்து வைத்திருந்தால் அதைக் கேட்டு எழுதுங்கள். பதிவு இல்லையென்றால், வழிநடத்தியவரிடம் படவில்லைகளை ஒவ்வொன்றாகக் காட்டி, "இந்த இடத்தில் என்ன சொன்னீர்கள்?" என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

பொருள் பட்டியலில் காணாமல் போனவை

முதல் அட்டையின் பட்டியல் இது: அரிசி மாவு, தேங்காய் 1, வெல்லம், ஏலக்காய். உப்பு, எண்ணெய், நீர் மூன்றும் இல்லை. படவில்லையில் அவை படமாக இருந்தன, எழுத்தாக இல்லை. நான் எழுத்தை மட்டும் நகல் எடுத்தேன், படம் விடுபட்டது.

இருந்த பொருள்களிலும் சிக்கல். 'தேங்காய் 1' என்பது அளவு ஆகாது. காய்க்குக் காய் மாறும். 'அரிசி மாவு' என்றால் எந்த மாவு? நம்மூர்க் கடைகளில் தெப்பூங் பெராஸும் தெப்பூங் பூலுட்டும் பக்கத்துப் பக்கத்தில்தான் அடுக்கியிருக்கும். இரண்டும் வெள்ளை, இரண்டும் அரிசியிலிருந்து வந்தவை. பூலுட் மாவு ஒட்டும் தன்மை உடையது. அதில் கொழுக்கட்டை வடிவம் நிற்காது. வறுத்த மாவும் வறுக்காத மாவும் இழுக்கும் நீரின் அளவுகூட வேறு. எனவே அட்டையில் 'வறுத்த அரிசி மாவு (இடியாப்ப மாவு), பூலுட் மாவு அல்ல' என்றே எழுத வேண்டும்.

இன்னொன்று, எந்தக் கோப்பை? ஒரு குழு மாவை அளவுக் கோப்பையிலும் நீரைக் காப்பிக் குவளையிலும் அளந்தது. 'எல்லாவற்றையும் ஒரே கோப்பையால் அளக்கவும்' என்ற ஒரு வரி அதைத் தடுத்திருக்கும்.

நிமிடம் போதாது, அடையாளம் வேண்டும்

'பூரணத்தை 5 நிமிடம் கிளறவும்' என்றது இரண்டாம் அட்டை. பூரணம் ஒழுகிய குழு சரியாக ஐந்து நிமிடம் கிளறியிருந்தது. அவர்களுக்குக் கிடைத்த மின்னடுப்பில் சூடு குறைவு. வெல்லப்பாகு வற்றவில்லை. வற்றாத பூரணத்தின் ஈரம் மேல்மாவை நனைத்து, ஆவியில் வேகும்போது வெளியே வந்துவிடும். மாறாக, அதிகம் கிளறினால் ஆறியதும் வெல்லம் இறுகிக் கல்லாகும்.

ஆகவே நிமிடத்தோடு அடையாளமும் வேண்டும்: 'கரண்டியால் சட்டியின் நடுவே கோடு இழுக்கவும். கோடு உடனே மூடிக்கொள்ளாமல் நின்றால் அடுப்பை அணைக்கவும்.' இதை எந்த அடுப்பிலும் சோதிக்கலாம். வேகவைப்பதற்கும் அப்படியே: '10 நிமிடம்' என்பதோடு, 'மேல்மாவு பளபளப்பாகி, ஈர விரலில் ஒட்டாமல் இருக்க வேண்டும்' என்று சேர்க்கலாம்.

எச்சரிக்கை இருந்த இடமும் தவறு. 'ஆவி கவனம்' என்று எட்டாவது அட்டையின் அடியில் இருந்தது. அதைப் படிப்பதற்குள் மூடியைத் திறந்துவிடுவார்களே! எச்சரிக்கை, அந்தச் செயலுக்கு முந்திய வரியாக வர வேண்டும்: 'மூடியின் முன்விளிம்பு உங்களை மறைத்தபடி, எதிர்ப்பக்கம் முதலில் திறக்குமாறு சாய்த்துத் தூக்கவும்.'

திருத்தி எழுதிய அட்டை

எட்டு அட்டைகள் இப்போது ஐந்தாகிவிட்டன: பொருள்கள், பூரணம், மேல்மாவு, வடிவமைத்தல், வேகவைத்தல். முன்பு பெரும்பாலும் இரண்டு படவில்லைக்கு ஓர் அட்டை என்று பிரித்ததால், நீர் ஊற்றுவது ஓர் அட்டையிலும் மூடி வைப்பது அடுத்த அட்டையிலும் போய்விட்டது. அட்டையைத் தேடும் நேரத்தில் மாவு ஆறியது. கை ஓய்கிற இடத்தில்தான் அட்டை முடிய வேண்டும். மூன்றாம் அட்டை இப்போது இப்படி இருக்கிறது:

மேல்மாவு (அட்டை 3/5)

எடுத்து வைக்க: வறுத்த அரிசி மாவு 1 கோப்பை, நீர் 1¼ கோப்பை, உப்பு ¼ தேக்கரண்டி, நல்லெண்ணெய் 1 தேக்கரண்டி, அகலமான பாத்திரம், மூடி, மரக்கரண்டி, ஈரத்துணி.

1. மாவைப் பாத்திரத்தில் கொட்டவும்.
2. நீரில் உப்பும் எண்ணெயும் சேர்த்து, குமிழிகள் தொடர்ந்து எழும்வரை கொதிக்கவிடவும்.
3. கொதிநீரில் 1 கோப்பை அளவு மாவில் ஊற்றவும். மீதி நீரைச் சூடாகவே வைத்திருக்கவும்.
4. கை வைக்காமல் மரக்கரண்டியால் கிளறவும். உலர்ந்த மாவு தெரிந்தால் மீதி நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கவும்.
5. பாத்திரத்தை 5 நிமிடம் மூடி வைக்கவும்.
6. மாவு கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும், கையில் எண்ணெய் தடவிப் பிசையவும்.
7. சிறு உருண்டை எடுத்து அழுத்திப் பார்க்கவும். விளிம்பு வெடித்தால் ஒரு தேக்கரண்டி சுடுநீர் தெளித்து மீண்டும் பிசையவும்.
8. பிசைந்த மாவை ஈரத்துணியால் மூடவும்.

ஏழாவது படிதான் இந்த அட்டையின் உயிர். கொழுக்கட்டை வெந்த பிறகு தெரியவேண்டிய பிழையை, திருத்தக்கூடிய நேரத்திலேயே அது காட்டிவிடுகிறது.

தேர்வு எழுதும் மாணவர்களுக்கு ஒரு சொல். பழைய அட்டைகளில் 'பிசையவும்', 'பிசைய வேண்டும்', 'பிசைக' மூன்றும் கலந்திருந்தன. செய்முறை விளக்கம் எழுதும்போது ஒரே வினை வடிவத்தைக் கடைசிவரை பின்பற்றுங்கள். 'அதைச் சேர்த்து இதைக் கிளறவும்' என்று எழுதாதீர்கள். பொருளின் பெயரையே சொல்லுங்கள். நிபந்தனையை முன்னால் வையுங்கள். 'பிசையவும், சூடு குறைந்த பிறகு' என்று எழுதினால் படிப்பவர் கை முதல் சொல்லிலேயே மாவுக்குள் போய்விடும்.

அச்சும் அதன் எல்லையும்

பவர்பாயிண்ட்டில் Handouts என்பதைத் தேர்ந்து ஒரு தாளில் ஆறு படவில்லை அச்சிடுவது சுலபம். ஆனால் எழுத்து சிறுத்து, மேசையில் இருக்கும் அட்டையை நின்றுகொண்டு படிக்க முடியாது. புதிய அட்டைகளை ஏ5 அளவில், வெள்ளைப் பின்னணியில், 16 புள்ளி எழுத்தில் தட்டச்சு செய்தேன். எழுத்துரு மாறிவிடாமல் இருக்க PDF ஆக்கியே அச்சுக்குக் கொடுத்தேன்.

புதிய அட்டைகளை, பயிலரங்குக்கு வராத ஐந்து குழுக்களிடம் கொடுத்தேன். வாயே திறக்காமல் நின்று, அவர்கள் எங்கே நிமிர்ந்து என்னைப் பார்க்கிறார்கள் என்று மட்டும் குறித்தேன். மூன்றாம் அட்டையில் யாரும் பார்க்கவில்லை. எந்தக் குழுவுக்கும் மாவு வெடிக்கவில்லை. நான்காம் அட்டையில் எல்லாருமே பார்த்தார்கள். மாவைக் கட்டைவிரலால் சுழற்றிக் கிண்ணமாக்கும் அந்த அசைவை என்னால் எழுத்தில் கொண்டுவர முடியவில்லை. மூன்று படங்கள் சேர்த்தும் போதவில்லை. இப்போதைக்கு அந்த அட்டையில், எண்ணெய் தடவிய அச்சைப் பயன்படுத்துமாறு எழுதியிருக்கிறேன். கையால் செய்ய விரும்பும் வகுப்புக்குப் பாட்டியைத்தான் மறுபடியும் அழைக்க வேண்டும்.