கிளெய்ம் என்பது கோரிக்கை அல்ல, எல்லை

காப்புரிமையைத் தமிழில் விளக்குகிறவர்கள் பலர் ‘கிளெய்ம்’ என்பதைக் ‘கோரிக்கை’ன்னு எழுதிட்டு அடுத்த பத்திக்குப் போயிடறாங்க. கோரிக்கைன்னா மனு கொடுத்துக் கேட்பது. காப்புரிமை வழங்கப்பட்ட பிறகு அந்த வாக்கியம் எதையும் கேட்பதில்லை. நிலப் பத்திரத்தில் வரும் செக்குபந்தி மாதிரி எல்லையைச் சொல்கிறது. ஆவணத்தின் முன்பகுதியில் பத்துப் பக்கத்துக்கு விளக்கமும் படமும் இருக்கலாம். அவை கிளெய்மைப் புரிந்துகொள்ள உதவும், ஆனால் எல்லையை வரைவது கடைசியில் எண் போட்டு வரும் கிளெய்ம்கள்தான். இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 10(4)(c) பிரிவும் இதையே சொல்கிறது.

ஒரு வித்தியாசம் உண்டு. கிளெய்மில் எவ்வளவு அதிகமாக எழுதுகிறோமோ, அவ்வளவு எல்லை சுருங்கும். அடுத்தவர் பொருள் உள்ளே வரவேண்டுமானால், வாக்கியத்தில் உள்ள ஒவ்வொரு உறுப்பும் அதில் இருந்தாக வேண்டும். ஒன்று இல்லையென்றாலும் சாதாரணமாக அது வெளியே. ‘கம்ப்ரைசிங்’ என்ற சொல் இருந்தால் மேலே எதையாவது சேர்த்துத் தப்பிக்க முடியாது. ஆனால் ஒன்றை நீக்கியோ மாற்றியோ தப்பிக்கப் பார்க்கலாம்.

இதற்கு எபிலேடி வழக்கைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. எபிலேடி என்பது முடி பிடுங்கும் மின்கருவி. அதன் ஐரோப்பியக் காப்புரிமையின் முதல் கிளெய்மைப் பிரித்தால் மூன்று உறுப்புகள் கிடைக்கும்: கையில் பிடிக்கும் கூடு, அதற்குள் மோட்டார், அந்த மோட்டார் சுழற்றும் ஒரு ஹெலிகல் ஸ்பிரிங், அதாவது சுருள்வில். சுருள்வில்லை வில் மாதிரி வளைத்து வைத்திருப்பார்கள். வளைவின் வெளிப்பக்கம் சுருள்கள் விலகும், உட்பக்கம் நெருங்கும். சுழலும்போது விலகிய இடைவெளியில் முடி நுழையும். சுருள்கள் நெருங்கும்போது மாட்டிக்கொண்டு பிடுங்கப்படும்.

ரெமிங்டன் நிறுவனம் கொண்டுவந்த கருவியில் கூடு உண்டு, மோட்டாரும் உண்டு. சுருள்வில்லுக்குப் பதிலாக, கீறல்கள் வெட்டிய வளைந்த ரப்பர் தண்டு. வெளிப்பக்கம் கீறல் திறக்கும், உட்பக்கம் மூடும். வேலை அதேதான். மீறலா இல்லையா?

லண்டனில் நீதிபதி ஹாஃப்மன் மூன்று கேள்விகளாகப் பார்த்தார். ரப்பர் தண்டால் கருவி இயங்கும் விதம் பெரிதாக மாறுகிறதா? இல்லை. அது துறை அறிந்தவருக்கு வெளிப்படையாகத் தெரிந்திருக்குமா? தெரிந்திருக்கும். அப்படியும், படிக்கிறவர் அந்தச் சொல்லை அதன் சரியான பொருளில்தான் எடுத்துக்கொள்வாரா? ஆம், சுருள்வில் என்றால் சுருள்வில்தான். ஆகவே மீறல் இல்லை. ஜெர்மனியில் டுசல்டார்ஃப் மேல்முறையீட்டு நீதிமன்றமோ, அதே காப்புரிமையை வைத்து, ரப்பர் தண்டும் அதே பணியைச் செய்யும் மாற்றுதான், மீறலே என்றது.

பலர் இந்தக் கதையை ‘நீதிமன்றத்துக்கு நீதிமன்றம் மாறும்’ என்று முடித்துவிடுகிறார்கள். என் விமர்சனம் கிளெய்மை எழுதிய விதத்தின் மேல். புதுமை எங்கே இருந்தது? விலகி நெருங்கும் இடைவெளியில். எழுதப்பட்டது எது? கண்டுபிடித்தவர் மேசையில் இருந்த உதிரிப்பாகத்தின் பெயர். வெளியே ஒருவர் நுழைய வாசலைத் திறந்துவிட்டது அந்தப் பெயர்ச்சொல்தான். விளக்கத்தின் முடிவில் ‘மாற்று வடிவங்களும் அடங்கும்’ என்ற பொருளில் வழக்கமான வாசகமும் இருந்தது. லண்டனில் அது கைகொடுக்கவில்லை. உங்கள் ஆவணத்திலும் அப்படி ஒரு வரி இருக்கும். அதை நம்பி நிம்மதியாக இருக்காதீங்க.

அப்படியானால் ‘விலகி நெருங்கும் இடைவெளிகள் கொண்ட, வளைந்து சுழலும் உறுப்பு’ என்று அகலமாக எழுதியிருக்கலாமே? எழுதலாம், விலை உண்டு. அகலமான வாக்கியத்துக்குள் ஏற்கனவே உலகில் இருந்த ஏதாவது பழைய பொருள் விழுந்துவிட்டால், அந்தக் கிளெய்மே செல்லாது. அதனால்தான் ஏணி மாதிரி எழுதுகிறார்கள்: முதல் கிளெய்மில் பொதுவான உறுப்பு, அதைச் சார்ந்த இரண்டாவதில் ‘அந்த உறுப்பு சுருள்வில்லாக இருக்கும்’ என்று. மேல்படி உடைந்தாலும் கீழ்ப்படி நிற்கலாம்.

வழக்கறிஞர் அனுப்பும் ஆங்கில வரைவு உங்கள் கைக்கு வந்ததும் முதலில் கடைசிப் பக்கங்களுக்குப் போங்க. முதல் கிளெய்மை உறுப்பு உறுப்பாகத் தனி வரிகளில், தமிழிலேயே எழுதுங்க. ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரே கேள்வி: இதை எடுத்துவிட்டு, அல்லது வேறொன்றை வைத்து, என் போட்டியாளர் இதே வேலையைச் செய்ய முடியுமா? ‘முடியும்’ என்று பதில் வரும் வரிதான் உங்கள் சுருள்வில். அதைப் பற்றி அவரிடம் கேட்க வேண்டியது விண்ணப்பம் தாக்கலாவதற்கு முன்னால். பிறகு கிளெய்மைத் திருத்துவதற்கு வழி குறுகல். காப்புரிமை கிடைத்தபின் அதை அகலப்படுத்தச் சட்டம் விடாது.