டிரிப் ஏறும் கையில் இரத்தம் எடுக்கக் கூடாது என்ற விதி

ஐந்து விழுக்காட்டு டெக்ஸ்ட்ரோஸ் டிரிப் என்பது ஒரு லிட்டர் தண்ணீரில் 50 கிராம் சர்க்கரை கரைந்த திரவம். மலேசிய ஆய்வுக்கூடங்கள் பயன்படுத்தும் அலகில் சொன்னால், லிட்டருக்கு 250 மில்லிமோலுக்கும் மேல். சாப்பிடாமல் இருக்கும் நலமான ஒருவரின் இரத்தத்தில் 5 அல்லது 6 மில்லிமோல்தான் இருக்கும். பையில் உள்ளது 40 மடங்குக்கும் மேல் இனிப்பு. டிரிப் ஏறும் கையில் இரத்தம் எடுக்கக் கூடாது என்ற விதிக்கு இந்த இடைவெளி ஒரு முக்கியக் காரணம்.

தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து வாந்தியும் காய்ச்சலுமாக மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்ட ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். வலது புறங்கையில் கனூலா, அதன் வழியே டெக்ஸ்ட்ரோஸ். மறுநாள் காலை இரத்தம் எடுக்க வருபவருக்கு அதே கையின் முழங்கை மடிப்பில் நல்ல நரம்பு தெரிகிறது. ஊசி அங்கேயே இறங்குகிறது. சிரை இரத்தம் கையிலிருந்து இதயத்தை நோக்கி ஓடுவது. புறங்கையில் நுழைந்த சர்க்கரைத் தண்ணீர் உடல் முழுவதும் கலக்கும் முன் முழங்கையைத்தான் கடக்கிறது. தேர்ந்தெடுக்கக்கூடியதிலேயே மோசமான இடம் அது.

அந்த மாதிரியில் பிளாஸ்மாவின் பத்தில் ஒரு பங்கு டிரிப் திரவம் என்றால், உண்மையில் 6 ஆக இருந்த சர்க்கரை 30ஐத் தொடும். 138 ஆக இருந்த சோடியம் 124க்கும், 4.2 ஆக இருந்த பொட்டாசியம் 3.8க்கும் இறங்கும். சர்க்கரையை மட்டும் பார்த்து இன்சுலின் போட்டால், உண்மையில் சரியாக இருந்த சர்க்கரை அபாயகரமாகத் தாழும். இது வெறும் கற்பனைப் பயம் அல்ல. தமனிக் குழாயைக் கழுவும் பையாகத் தவறுதலாக குளுக்கோஸ் திரவம் மாட்டப்பட்டு, பொய்யாக உயர்ந்த அளவை நம்பி இன்சுலின் கொடுக்கப்பட்டது குறித்து பிரிட்டனின் தேசிய நோயாளர் பாதுகாப்பு முகமை 2008இல் எச்சரிக்கை விடுத்தது.

ஆகவே மறு கையில் எடுப்பது என்ற விதியின் பலம் தெளிவானது: செலவில்லை, கருவி வேண்டாம், கலப்படத்தை முற்றாகத் தவிர்க்கிறது. விரல் நுனியில் குத்திப் பார்ப்பதற்கும் மறு கையின் விரலே சரி.

ஆனால் இந்த விதி காப்பது பொய் உயர்விலிருந்து மட்டுமே. மெய் உயர்விலிருந்து அல்ல. மணிக்கு 100 மில்லிலிட்டர் வேகத்தில் டிரிப் ஓடினால் மணிக்கு 5 கிராம் சர்க்கரை உடலுக்குள் போகிறது. நலமான உடலில் இன்சுலின் சற்றுக் கூடும், கல்லீரல் தன் சொந்தச் சர்க்கரை உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும். அளவு பெரிதாக ஏறாது. இனிப்பு நீர் உள்ளவரிடம் அந்தக் கட்டுப்பாடு தளர்ந்திருப்பதால், மறு கையில் எடுத்தாலும் எண் உயர்ந்தே வரும், அது உண்மையும்கூட. மலேசியாவின் 2019 தேசிய சுகாதார ஆய்வில் இந்தியரிடையேதான் இந்நோய் மிக அதிகமாகக் காணப்பட்டது. எனவே கிள்ளான், பந்திங் வட்டாரத் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த வேறுபாடு தூரத்து விஷயம் அல்ல. டிரிப் ஓடும்போது எடுத்த எந்த மாதிரியையும் வெறும்வயிற்றுச் சோதனையாகக் கொள்ள முடியாது என்பதை விதி சொல்வதில்லை. இது அதன் பெரிய குறை.

இன்னொரு குறை, மறு கை எப்போதும் கிடைக்காது. டயாலிசிஸ் இணைப்பு உள்ள கையைத் தொடக்கூடாது. இரு கைகளிலும் டிரிப் ஓடுவதும் உண்டு. அப்போது டிரிப்பை இரண்டு நிமிடமாவது நிறுத்தி, கனூலாவுக்குக் கீழே, விரல்கள் இருக்கும் பக்கம் எடுத்து, முதலில் வரும் இரத்தத்தைக் கொட்டிவிடச் சொல்வார்கள். இது வேறு வழியில்லாதபோது செய்வது. மறு கைக்கு ஈடாகாது. கனூலாவே புறங்கையில் இருந்தால் அதற்குக் கீழே நரம்பு கிடைப்பதும் அரிது.

சந்தேகம் வந்தால் எண்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். சோடியம் மட்டும் சாட்சியாகாது. உண்மையான சர்க்கரை உயர்விலும் அது இறங்கும். கால்சியம், புரதம், ஹீமோகுளோபின் மூன்றும் முந்தைய நாளைவிட ஒருசேரத் தாழ்ந்திருந்தால் மாதிரியில் டிரிப் திரவம் கலந்திருக்கலாம். 30 என்று அறிக்கை வந்தும் நோயாளி தாகமில்லாமல், தெளிவாகப் பேசிக்கொண்டிருப்பதும் ஒரு குறிப்பு. அப்போது இன்சுலினுக்கு முன் மறு கையில் இன்னொரு மாதிரி எடுக்க வேண்டும்: மெய் உயர்வு சில நிமிடங்களில் மறையாது, கலப்பட உயர்வு அந்த இரண்டாம் குழாயில் இருக்காது. இரத்தம் எடுத்த கையையும், அப்போது எந்தத் திரவம் எந்தக் கையில் ஓடிக்கொண்டிருந்தது என்பதையும் சோதனைப் படிவத்தில் எழுதிவிட்டால் ஆய்வுக்கூடமே முதல் அறிக்கையில் இதைப் பிடித்துவிட வழியுண்டு.