இங்கே 'முடிச்சாச்சு', அங்கே கையொப்பம்

வாசுதேவநல்லூர் வட்டாரத்தில் மருத்துவ விடுப்பு முடிந்து பள்ளிக்கு வருகிற ஆசிரியர் முதலில் போவது தலைமையாசிரியர் அறைக்கு. உடற்தகுதிச் சான்றையும், 'இன்று முற்பகல் பணியில் சேர்ந்தேன்' என்ற கடிதத்தையும் கொடுத்த பிறகுதான் வருகைப் பதிவேடு கைக்கு வரும். அதற்குள் ஆள் வந்த சேதி ஆசிரியர் அறைக்குப் போயிருக்கும். வராந்தாவிலேயே விசாரிப்பு தொடங்கிவிடும்.

"வாங்க சார், இப்ப தேவலையா?" அடுத்தது, "எந்த ஆஸ்பத்திரி? ஐகிரவுண்டா, மதுரையா?" மூன்றாவது கேள்வி தவறாமல் வரும்: "இன்சூரன்ஸ்ல எவ்வளவு விட்டான்?" ஐகிரவுண்ட் என்றால் பாளையங்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. மதுரை என்றால் பெரும்பாலும் தனியார் மருத்துவமனை, கைக்காசு. வெளியூர்க்காரருக்கு இது அநாகரிகமாகப் படலாம். எங்கள் பக்கத்தில் செலவைக் கேட்பதும் அக்கறைதான். நாளைக்குத் தனக்கு வந்தால் என்ன ஆகும் என்ற கணக்கும் அதற்குள் இருக்கிறது.

யாழ்ப்பாணத்து ஆசிரிய நண்பர்களிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். இலங்கையில் அரச வைத்தியசாலையில் சிகிச்சைக்குப் பணம் இல்லை. அரச ஊழியருக்கு அக்ரஹார காப்புறுதி உண்டு, தனியார் வைத்தியசாலைக்குப் போகிறவர்களும் உண்டு. ஆனாலும் செலவு முதல் பேச்சாக வருவதில்லை. "வாங்கோ சேர், இப்ப சுகமோ? அவசரப்படாதேங்கோ, ஆறுதலாத் துவங்குங்கோ" என்பதோடு வரவேற்பு முடிந்துவிடும். என்ன வருத்தம் என்பதை அவராகச் சொன்னால் கேட்பார்கள்.

இரண்டு கரையிலும் பொதுவான தவறு ஒன்று உண்டு. "மெலிஞ்சு போயிட்டீங்களே" என்று சொன்னால் வந்தவர் மறுபடி நோயாளி ஆகிவிடுகிறார். "ஆளு தெளிவாத்தான இருக்கீங்க" என்றால் விடுப்பையே சந்தேகப்பட்டதுபோல ஆகிவிடுகிறது. உடம்பைப் பார்த்துச் சொல்லும் எந்த வார்த்தையும் அன்றைக்கு வேண்டாம் என்பது என் கருத்து.

விசாரிப்பு முடிந்ததும் வருவதுதான் முக்கியம்: விட்டுப்போனதை எடுத்துச் சொல்வது. எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் பத்தாம் வகுப்புக் கணித ஆசிரியர் ஜூலைக் கடைசியில் விடுப்பில் போனார். பதிலுக்கு ஆள் போடவில்லை. பாடவேளைகளைச் சக ஆசிரியர்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள், கணக்கை மட்டும் ஒன்பதாம் வகுப்பு ஆசிரியர் பார்த்துக்கொண்டார். செப்டம்பர் நடுவில் இவர் திரும்பியபோது அவர் சொன்னது ஒரே வரி: "இயற்கணிதம் முடிச்சாச்சு சார், நீங்க வடிவியல் ஆரம்பிச்சிருங்க."

சொன்னவர் பொய் சொல்லவில்லை. சூத்திரங்கள், காரணிப்படுத்தல், இருபடிச் சமன்பாடு எல்லாம் நடத்தியிருந்தார். ஆனால் அந்த இயலிலேயே வரைபடமும் இருக்கிறது. பொதுத்தேர்வில் வரைபடத்துக்கு 8 மதிப்பெண், செய்முறை வடிவியலுக்கு 8. சுமாராகப் படிக்கிற பிள்ளை தேறுவதே இந்தப் பதினாறை நம்பித்தான். அளவுத்திட்டம் எடுக்கத் தெரியாத பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு பாடவேளையில் ஒரு வரைபடம் போட்டு முடிப்பது கஷ்டம். தன் வகுப்பை விட்டு ஓடிவந்து எடுக்கிறவர் அதைத் தள்ளி வைத்ததில் ஆச்சரியம் இல்லை. தள்ளி வைத்ததைச் சொல்லாமல் விட்டதுதான் பிரச்சினை. வந்தவர் அதைக் கண்டுபிடித்தது காலாண்டுத் தேர்வுத் தாளைத் திருத்தும்போது. முதல் நாளே வரைபட நோட்டை எடுக்கச் சொல்லியிருந்தால், வெறும் பக்கங்களைப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்திருக்கும்.

இலங்கையில் இந்த விஷயம் வாய்வார்த்தையில் மட்டும் விடப்படுவதில்லை. அரச ஊழியரின் லீவுப் படிவத்திலேயே பதில் கடமை பார்ப்பவர் கையொப்பம் வைக்க இடம் இருக்கிறது. பாடசாலைகளில் வகுப்புக்கென்று ஒரு புத்தகம் இருக்கும். எந்தப் பாடவேளைக்கு யார் வந்தார், என்ன நடத்தினார் என்று எழுதி ஆசிரியர் கையொப்பமிடுவார். திரும்பி வருகிறவர் அந்தப் புத்தகத்தைப் புரட்டினால் எந்தக் கிழமை எந்த அலகு என்பது தெரியும். நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய வழக்கம் இது.

ஆனால் அதிலும் ஓட்டை உண்டு. பல பாடவேளைகளுக்கு நேரே 'ரிலீஃப்' என்ற ஒற்றைச் சொல்தான் இருக்கும் என்று நண்பர்களே சொல்கிறார்கள். வேறு பாட ஆசிரியர் வந்து பிள்ளைகளைச் சத்தம் போடாமல் பார்த்துக்கொண்ட நாற்பது நிமிடத்துக்கும் ஒரு கையொப்பம் விழுந்திருக்கும். எழுத்தில் இருப்பதாலேயே நடந்ததாக நம்பிவிடுகிற ஆபத்து அங்கே. சொன்னதாலேயே முடிந்ததாக நம்பிவிடுகிற ஆபத்து இங்கே.

மகப்பேறு விடுப்பில் வேறுபாடு இன்னும் பெரிது. தமிழ்நாட்டில் அரசு ஊழியருக்கு 2021 ஜூலை 1 முதல் 12 மாதம். அதற்கு முன் 9 மாதம். இலங்கை அரச சேவையில் முழுச் சம்பளத்தோடு 84 வேலை நாள், அதற்கு மேல் 84 நாள் அரைச் சம்பளத்தில், இன்னொரு 84 நாள் சம்பளம் இல்லாமல். 84 வேலை நாள் என்பது காலண்டரில் நான்கு மாதத்தை ஒட்டிவரும். அந்த அளவோடு திரும்புகிற ஆசிரியை பெரும்பாலும் அதே வகுப்புக்கு, அதே பிள்ளைகளிடம் வருகிறார். அவருக்கு வேண்டியது பாடக் கணக்கு. எங்கள் ஊர் ஆசிரியை வரும்போது அவருடைய பிள்ளைகள் அடுத்த வகுப்புக்குப் போயிருப்பார்கள். அவருக்கு விட்டுப்போனது பாடமல்ல, நடைமுறை.

2022 தொடக்கத்தில் விடுப்பில் போன ஓர் இடைநிலை ஆசிரியையை எண்ணிப் பாருங்கள். அந்த ஆண்டு ஜூனில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை 'எண்ணும் எழுத்தும்' வந்துவிட்டது. அவர் திரும்பும்போது பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரிந்து உட்கார்ந்திருக்கிறார்கள். மதிப்பீடு கைப்பேசிச் செயலியில். அவரிடம் சுற்றறிக்கைக் கோப்பைத் தூக்கிக் கொடுப்பது உதவி ஆகாது. பக்கத்து வகுப்பில் ஒரு நாள் உட்காரவைத்து, ஒரு பிள்ளைக்கு மதிப்பீடு எப்படிப் போடுவது என்று செயலியில் செய்து காட்டினால் போதும். அதற்குத் தலைமையாசிரியர் ஒரு நாள் விட்டுக்கொடுக்க வேண்டும். பெரும்பாலும் நடப்பது வேறு. வந்த அன்றைக்கே, அதுவரை பாரம் சுமந்தவர்கள் "அப்பாடா" என்று வகுப்பைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பதில் ஆள் போடாத ஏற்பாட்டின் விளைவு அது.

"ஏதாவது வேணும்னா கேளுங்க" என்பது இரு நாட்டிலும் கேட்கிற வாசகம். என்ன தெரியவில்லை என்பதே தெரியாதவர் எதைக் கேட்பார்? வகுப்பைப் பார்த்துக்கொண்டவர் அரைத் தாளில் மூன்று விஷயம் எழுதித் தந்தால் நல்லது: கடைசியாக நடத்திய பயிற்சியின் எண், தொடாமல் விட்ட பகுதி, இடையில் பள்ளிக்கு வராமல் போன பிள்ளைகளின் பெயர். பத்தாம் வகுப்பானால் அந்தத் தாள் காலாண்டுத் தேர்வுக்கு முன்னால் கைக்கு வந்துவிட வேண்டும். அடுத்த முறை ஒரு சக ஆசிரியர் உடம்பு தேறி வரும்போது, டீ வாங்கிக் கொடுக்கிற கையோடு அந்தத் தாளையும் கொடுத்துவிடுங்கள்.