முதற் பாட்டை யார் பெயர்ப்பில் காட்டுவது?

தம்மபதத்தின் முதற் பாட்டை மேற்கோள் காட்டுபவர் பலரும், எந்தப் பெயர்ப்பு கையில் கிடைத்ததோ அதையே எடுத்துக்கொள்கிறார்கள். நான் கண்டிப் பதிப்பை எடுப்பேன். அதாவது ஆச்சார்ய புத்தரக்கித தேரரின் ஆங்கிலம். கண்டி வாவியோரம் சங்கராஜ மாவத்தையில் இருக்கும் பௌத்த வெளியீட்டுச் சங்கம் 1985இல் அச்சிட்டது.

பாளி மூலத்தில் அந்த முதலடி மனத்துக்கு மூன்று சிறப்புகளைத் தருகிறது. மனமே முந்துகிறது, மனமே தலைமை தாங்குகிறது, மனத்தாலேயே எல்லாம் ஆகின்றன. மாக்ஸ் முல்லரின் 1881ஆம் ஆண்டுப் பெயர்ப்பில் இந்த மூன்றும் கரைந்து, நாம் இன்று இருக்கும் நிலை நம் எண்ணங்களால் வந்தது என்ற கருத்தாகிவிடுகின்றன. மூலத்தில் 'நாம்' இல்லை. ஆனாலும் படித்தவுடன் மனதில் ஒட்டிக்கொள்ளும் அழகான ஆங்கிலம் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பா புத்தரை எப்படி வாசித்தது என்று எழுதுபவர், ஆண்டையும் சேர்த்து முல்லரையே காட்ட வேண்டும்.

நாரத தேரரின் வழி வேறு. முதற் பாட்டில் 'தீய' என்ற பொருளையும், இரண்டாம் பாட்டில் 'நல்ல' என்ற பொருளையும் அடைப்புக்குறிக்குள் சேர்க்கிறார். அட்டகதை முதற் பாட்டுக்குச் சொல்லும் கதை, முற்பிறவியில் வைத்தியராயிருந்து ஒரு பெண்ணின் கண்ணைக் கெடுத்த சக்குபால தேரருடையது. அதை மனதில் வைத்துப் படித்தால் அந்தச் சேர்க்கை பொருந்தும். அடைப்புக்குறி இருப்பதால் சேர்த்தது எது என்பதும் தெரிகிறது. அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும். கதையைப் பற்றி எழுதினால் நாரதரையே காட்டுவேன்.

பாட்டைப் பற்றி எழுதும்போது அப்படியல்ல. பாளியில் இரு பாட்டுகளும் ஒரே அடியோடு தொடங்குகின்றன. அதே மனம்தான் ஒன்றில் துன்பத்தையும் மற்றதில் இன்பத்தையும் பின்தொடரச் செய்கிறது. பாட்டின் ஆற்றலே அந்த ஒற்றுமையில் இருக்கிறது. நாரதரின் அடைப்புக்குறிகள் இரு தொடக்கங்களையும் வேறாக்கிவிடுகின்றன; புத்தரக்கிதர் இரண்டையும் ஒன்றாகவே விடுகிறார், மூன்று சிறப்புகளையும் வரிசை மாறாமல் வைக்கிறார். அவரும் பொருள் தெரிவு செய்யாமலில்லை. 'தம்ம' என்பதை மனநிலைகள் என்று குறுக்குகிறார். அதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

ஆகவே என் குறிப்பு இப்படி இருக்கும்: "தம்மபதம், பாட்டு 1–2. ஆச்சார்ய புத்தரக்கிதரின் ஆங்கிலப் பெயர்ப்பு (கண்டி, 1985) வழியாகத் தமிழில் நான் தந்தது. இரு பாட்டுகளின் தொடக்கமும் மூலத்தில் ஒன்றே என்பதால் இதைத் தெரிந்தேன். 'மனநிலைகள்' என்பது பெயர்ப்பாளரின் விளக்கம்." மறு அச்சில் பக்கங்கள் மாறலாம் என்பதால் பாட்டு எண் தருகிறேன். 'வழியாக' என்ற சொல்லை விட்டுவிட்டால், நான் பாளியிலிருந்தே பெயர்த்ததாக வாசகர் எண்ணிவிடுவார்.

இதே கட்டுரையில் பிறகொரு பாட்டுக்கு முல்லரின் வரி என் வாதத்துக்கு வாய்ப்பாக அமைந்து, நான் அதற்குத் தாவினால், அந்த இடத்திலேயே காரணத்தை எழுதியாக வேண்டும். பெயர்ப்பாளர் சத்தமில்லாமல் மாறும் கட்டுரையைக் கண்டால், அந்த மேற்கோளை மூலத்தோடு ஒப்பிட்ட பிறகே நம்புவேன்.