தொள்ளாயிரத்துக்கு எந்தக் குறி?

கல்யாணப் பத்திரிகையிலும் வீட்டு முகப்பிலும் ஆண்டைத் தமிழ் எண்ணில் போடும் ஆசை பலருக்கு உண்டு. ஆனால் 2025ஐ மூன்று விதமாக எழுதுகிறார்கள்: ௨௲௨௰௫, ௨௦௨௫, ௨௰௨௫. முதலாவது பழைய முறை, இரண்டாவது புதிய முறை. மூன்றாவது வெறும் பிழை. முதலிரண்டில் எதை ஏற்பது என்பதுதான் வழக்கு. அதற்கு முன் பழைய முறையைச் சரியாகப் படிக்கத் தெரிய வேண்டும்.

௰ பத்து, ௱ நூறு, ௲ ஆயிரம். இவை இடத்தைக் காட்டும் சுழியங்கள் அல்ல, தனித்தனி எண்கள். சிறிய எண் பெரிய குறிக்கு முன்னால் நின்றால் பெருக்கு, பின்னால் நின்றால் கூட்டு. ஆகவே ௫௰ ஐம்பது, ௰௫ பதினைந்து. ஒரு பத்து, ஒரு நூறு, ஓர் ஆயிரம் என்றால் முன்னால் ௧ போடுவதில்லை. வெறும் ௲ போதும்.

1936ஐ இப்படி எழுதிப் பார்ப்போம்: ௲, ௯௱, ௩௰, ௬. சேர்த்தால் ௲௯௱௩௰௬. வாயால் சொல்கிற வரிசையிலேயே கை எழுதுகிறது என்பார்கள். பெரும்பாலும் உண்மைதான். ஆனால் ஒன்பதில் அந்த நம்பிக்கை சறுக்கும். தொள்ளாயிரம் என்ற சொல்லுக்குள் ஆயிரம் இருக்கிறது, தொண்ணூறுக்குள் நூறு இருக்கிறது. காதை நம்பி எழுதுகிறவர் 1990ஐ ௲௯௲௯௱ என்று போட்டுவிடுவார். எழுத்து முறை இந்தப் பேச்சு வழக்கைப் பின்பற்றவில்லை. தொள்ளாயிரம் ௯௱, தொண்ணூறு ௯௰, ஆகவே ஆண்டு ௲௯௱௯௰. பெரிய குறிக்குப் பின்னால் அதே குறியோ அதைவிடப் பெரியதோ ஓர் ஆண்டுக்குள் மறுபடி வந்தால் எங்கோ தவறு என்று தெரிந்துகொள்ளலாம்.

படிப்பவருக்கு இன்னொரு கண்ணி உண்டு. தென்மாவட்டத்துப் பழைய பத்திரம் ஒன்றில் ௲௱௰௧ என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். நான்கு குறிகளும் ஒவ்வொன்றாகக் கூடி 1111 ஆகின்றன. கணக்கு சரி, ஆனால் சோழர் காலத்துக்கு ஓடக் கூடாது. அங்கே வழங்கியது கொல்லம் ஆண்டு என்றால் 824 அல்லது 825ஐக் கூட்ட வேண்டும். அது 1935 ஆவணிக்கும் 1936 ஆடிக்கும் இடைப்பட்ட காலம். எண்ணை மட்டும் படித்துவிட்டு எந்த ஊழி என்று பாராதவர் எண்ணூறு ஆண்டு தவறுவார். ஆண்டுக்குப் பின் வரும் ௵ என்ற வருடக் குறி, ‘இது ஆண்டு’ என்று மட்டுமே சொல்லும். எந்த ஆண்டு முறை என்பதை அக்கம்பக்க வரிகளில்தான் தேட வேண்டும்.

இனி வழக்குக்கு வருவோம். பழைய முறையின் பெரிய பலம் கல்லில் தெரியும். ௲௮௱௫௰௬ என்பதில் ௫ சிதைந்துபோனாலும் ௰ நிற்கிறது, போனது பத்துகளின் எண்ணிக்கை என்று உடனே தெரிகிறது. 1806க்குச் சுழியமே வேண்டாம், ௲௮௱௬ போதும். இடமதிப்பு முறையில் அந்தச் சுழியம் அழிந்தால் 186 ஆகிவிடும். பலவீனமும் உண்டு. ௰ என்பது ய போலவும் ௱ என்பது ள போலவும் இருப்பதால், அவசரமாக அச்சுக் கோப்பவர் எழுத்தையே போட்டுவிடுவார். பிறகு கணினியில் தேடினால் அந்த ஆண்டு அகப்படாது. பத்தி பத்தியாகக் கூட்டிக் கழிக்கவும் இந்த முறை இடம் தராது.

புதிய முறையை ‘தமிழ் அல்ல’ என்று தள்ளுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சுழியம் பிறகு வந்தது என்பது குற்றமாகாது. யூனிகோடில்கூட ௦ 2005இல் வந்த 4.1 பதிப்பில்தான் சேர்ந்தது. கணினி இரண்டையும் எப்படி நடத்துகிறது என்று பைத்தானில் பாருங்கள்:

```
int("௨௦௨௫")      # 2025
int("௨௲௨௰௫")    # ValueError
```

௰, ௱, ௲ மூன்றும் யூனிகோடில் எண்கள்தான், ஆனால் இலக்கங்கள் அல்ல. மாற்றித் தர நாமே தனி நிரல் எழுத வேண்டும்.

மூன்றாவது வடிவத்துக்கு எந்த வாதமும் இல்லை. ௰ஐச் சுழியமாக நினைத்து எழுதிய ௨௰௨௫ஐப் பழைய விதிப்படி படித்தால், இருபதுக்குப் பின் இரண்டும் ஐந்தும் ஒட்டாமல் தொங்கும். புதிய விதிப்படி படித்தால் பத்துக்கு இலக்க இடமே இல்லை.

என் தீர்ப்பு இது: கல்லிலும் செப்பிலும் முகப்பிலும் பொறிக்க ௨௲௨௰௫, கணக்குக்கும் கணினிக்கும் ௨௦௨௫. ஒரே ஆண்டுக்குள் இரண்டையும் கலக்கக் கூடாது. பத்திரிகை அச்சுக்குப் போகும் முன், எழுதியதை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், ஒன்பது வரும் ஆண்டானால் இரண்டு முறை.