எழுபத்தைந்து வினாடி

மீமிசல் பக்கத்துக் கல்யாண வீடியோக்காரர் ஒருவரின் ஷோரீலை ரசித்துப் பார்த்தேன். மொத்தமே 75 வினாடி. லோகோ முதலில் வரவில்லை. எடுத்ததுமே கெட்டிமேளம், தாலி முடிச்சு விழும் நொடியில் மணமகளின் அப்பா கண்ணைத் துடைக்கிறார். தாலி கட்டுவதை எல்லோரும் எடுப்பார்கள். அந்நேரம் கேமராவை அப்பா பக்கம் திருப்பியதில்தான் இவர் கைத்திறன் தெரிகிறது.

நடுவில் நிக்காஹ், கரையோரப் படகுகள் எல்லாம் இரண்டு மூன்று வினாடிகளில் கடக்கின்றன. டிரோன் ஷாட் ஒன்றே ஒன்று. அதே மாதிரி இன்னொன்று வந்தால் முதலாவதின் மதிப்பும் குறைந்துவிடும்.

அடுத்த சிறந்த காட்சியைக் கடைசிக்கு வைத்திருக்கிறார்: மணமக்கள் கார் கிளம்ப, வாசலில் நிற்கும் பாட்டி. அதன் மேலேயே பெயரும் போன் எண்ணும், நிதானமாகப் படிக்க நான்கு வினாடி. பாட்டும் சரியாக அங்கேயே முடிகிறது. பல ரீல்களில் அது பாதியில் தேய்ந்து போகும்.