பழகிய கல்லின் கறுப்பு

நன்றாகப் பழகிய இரும்புத் தோசைக்கல்லைச் சன்னல் வெளிச்சத்தில் சற்றே சாய்த்துப் பார்க்க வேண்டும். கண்ணைக் கூசாத ஆழ்ந்த கறுப்பு, அதற்குமேல் பட்டுத்துணிக்கு இருப்பது போன்ற அடங்கிய மினுக்கு. விரலால் தடவினால் வழுக்கும், ஆனால் விரலில் எண்ணெய் ஒட்டாது. இந்த இரண்டும் சேர்ந்து இருந்தால் கல் பழகிவிட்டது.

அந்தக் கறுப்பு, சமைந்த எண்ணெய். இரும்பின் மேல் மிக மெல்லியதாகத் தடவிய எண்ணெய், புகையத் தொடங்கும் சூட்டில் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கெட்டிப் படலமாகிறது. அதன் பிறகு அது எண்ணெயாகத் திரும்பாது. பாத்திரம் கழுவும் மிதமான சோப்பாலும் கரையாது. எல்லா எண்ணெயும் இப்படிப் பின்னிக்கொள்வதில்லை. தேங்காயெண்ணெய் இதற்கு ஏறக்குறைய உதவாது. ஆளி விதை எண்ணெய் கெட்டியாகப் பிடிக்கும், ஆனால் சில மாதங்களில் செதில் செதிலாக உரிந்துவிடுகிறது என்று பலரும் சொல்கிறார்கள். நம் பாட்டிமார் கைவைத்த நல்லெண்ணெய் நன்றாகவே வேலை செய்யும். அமெரிக்கச் சமையலறையில் சுலபமாகக் கிடைக்கும் கனோலாவும் போதும்.

ஊரில் கல்லைப் பழக்க நாள்கணக்கில் கஞ்சித் தண்ணீரில் ஊறவைத்து, எண்ணெய் தடவி, வெங்காயத்தைப் போட்டு வதக்கி, முதல் சில தோசைகளை ஒதுக்கிவிடுவோம். இங்கே வீட்டுக்கு வீடு ஓவன் இருப்பது பெரிய வசதி. கல் முழுக்க ஒரே சூடு பரவும். அடுப்பு வளையத்தின் மேல் மட்டும் கறுத்து ஓரம் வெளுத்து நிற்கும் குறை வராது.

ஹூஸ்டன் ஈரக்காற்றில் துருப்பிடித்த கல் ஒன்றை எப்படி மீட்பது என்று பார்ப்போம். மரக்கைப்பிடி இருந்தால் முதலில் கழற்றிவிட வேண்டும். வெள்ளை வினிகரையும் தண்ணீரையும் சரிபாதி கலந்து, அதில் கல்லை அரை மணி நேரம் ஊறவிடலாம். அதற்கு மேல் விட்டால் வினிகர் துருவைத் தின்று முடித்து இரும்பையும் தின்னத் தொடங்கும். பிறகு சோப்பும் கம்பி நாரும் போட்டு, சாம்பல் நிற இரும்பு தெரியும்வரை அழுத்தித் தேய்க்க வேண்டும். கம்பி நாருக்கு இந்த வீட்டில் அனுமதியுள்ள ஒரே வேலை இதுதான். கழுவியதும் துடைத்து உடனே அடுப்பில் ஏற்றிக் காயவிட வேண்டும்; வெற்று இரும்பு சில நிமிடங்களிலேயே மறுபடி செம்மை தட்டிவிடும்.

கை தாங்கும் சூட்டில் ஒரு தேக்கரண்டிக்கும் குறைவான எண்ணெயை முன்னும் பின்னும் ஓரமும் தடவுங்கள். அடுத்து வருவதுதான் மொத்தக் கலையும்: தடவியது தவறு என்று நினைத்துக்கொண்டு, அவ்வளவு எண்ணெயையும் வேறொரு காய்ந்த துணியால் துடைத்து எடுத்துவிடுங்கள். துடைத்த பிறகும் தங்கியிருப்பதே தேவையான அளவு. கல்லை ஓவனில் கவிழ்த்து வைத்து, கீழ்த்தட்டில் அலுமினியத் தாளை விரித்து, 450 டிகிரி பாரன்ஹீட்டில் ஒரு மணி நேரம். உள்ளேயே ஆறவிட வேண்டும். புகை எழும் என்பதால் சன்னலைத் திறந்துவிட்டு எக்ஸாஸ்ட் விசிறியைப் போட்டுவிடுங்கள். அபார்ட்மெண்ட் என்றால் அலாரம் அலறிவிடும். முதல் சுற்றில் கல் வெண்கல நிறம் காட்டும். மூன்று நான்கு சுற்றில் கறுக்கும். ஆறிய கல் பிசுபிசுத்தால் எண்ணெய் அதிகமாகிவிட்டது என்று பொருள்; எண்ணெய் சேர்க்காமல் இன்னொரு மணி நேரம் சூடேற்றினால் பெரும்பாலும் சரியாகும்.

டென்னசியில் 1896 முதல் இயங்கும் லாட்ஜ் நிறுவனம், எண்ணெய் பூசிப் பழக்கிய வார்ப்பிரும்பையே விற்கிறது. அவர்களுடைய பத்தரை அங்குல வட்டக் கல் பல தமிழ் வீடுகளில் தோசைக்கல்லாகிவிட்டது. அதன் முகம் மணலச்சின் சொரசொரப்போடு வருவதால், ஊர்க் கல்லைவிட மெல்லத்தான் வசப்படும்.

தோசைக்கல்லில் சப்பாத்தி சுடக்கூடாது என்று வீடுகளில் சொல்வதில் முழு நியாயம் இருக்கிறது. எண்ணெயே இல்லாமல் உச்சச் சூட்டில் கல் காயும்போது படலம் கருகி மெலிகிறது. உதிர்ந்த மாவும் கரியாகி ஒட்டுகிறது. மறுநாள் தோசை பிய்ந்து வரும். இரண்டுக்கும் தனித்தனிக் கல் வைத்துக்கொள்வதே நல்லது.

நான்ஸ்டிக்கின் கதை நியூஜெர்சியில் தொடங்குகிறது. எடிசனில் கடை கடையாகத் தோசைக்கல் விற்கும் அதே மாநிலத்தின் தெற்கே, டெலவேர் ஆற்றோரம் டீப்வாட்டரில் இருந்த டூபாண்ட் ஆய்வுக்கூடத்தில், 1938 ஏப்ரல் 6 அன்று ராய் பிளங்கெட் ஒரு வாயு உருளையைத் திறந்தார். வாயு வரவில்லை, உருளையின் எடையும் குறையவில்லை. அறுத்துப் பார்த்தால் உள்ளே வெள்ளைப் பொடி: டெஃப்லான். எதிலும் ஒட்டாத அதைப் பாத்திரத்தில் ஒட்டவைக்கும் வழியைப் பிரான்சில் மார்க் கிரெகுவார் 1950களில் கண்டார்.

நான்ஸ்டிக்கை நான் குறைத்துப் பேசமாட்டேன். முட்டைக்கும், எண்ணெய் குறைத்த ஊத்தப்பத்துக்கும் அது நல்ல துணை. மெல்லிய நெய் ரோஸ்ட் மட்டும் அதில் அமையாது. சூடான நான்ஸ்டிக்கில் மாவு பிடிமானம் கிடைக்காமல் கரண்டியோடு சுருண்டு வரும். ஆறவைத்து ஊற்றினால் பரவும், ஆனால் மொறுமொறுப்புக்கு வேண்டிய சூடு கையில் இருக்காது. கனத்த இரும்பு சூட்டைச் சேமித்து வைத்திருக்கிறது. தெளித்த தண்ணீர் சுர்ரென்று மறையும் பதத்தில் ஊற்றினால் மாவைப் பிடித்துக்கொண்டு பரவவிடுகிறது, வெந்ததும் தானே விடுகிறது. பே ஏரியாவில் இண்டக்‌ஷன் அடுப்பு வைத்திருப்பவர்களுக்கும் இரும்பு தடையில்லாமல் வேலை செய்யும். அடியில் எஃகுத் தகடு இல்லாத அலுமினிய நான்ஸ்டிக் அதில் சூடேறாது.

முக்கியமான வேறுபாடு இன்னொன்று. இரும்பின் படலம் போனால் நாமே மறுபடி போடலாம். நான்ஸ்டிக் பூச்சு போனால் வீட்டில் திரும்ப வராது. ஆகவே அதற்குக் கம்பி நார், பச்சை ஸ்கரப்பர், சபீனா போன்ற பொடி எதுவுமே ஆகாது. பச்சை நாரின் இழைகளில் அரைக்கும் துகள்கள் பதிந்திருக்கின்றன. மென்மையாகத் தோன்றினாலும் கீறும். ஆறிய பிறகு வெந்நீர், சோப்பு, மெத்தென்ற ஸ்பாஞ்சு போதும். எண்ணெய் ஸ்பிரேயையும் தவிர்க்கவும். அதிலுள்ள லெசிதின் பழுப்புப் பசையாகப் படிந்து, தேய்க்க வேண்டிய நிலைக்கு நம்மைத் தள்ளுகிறது.

இரும்புக்குத் தினசரி வேலை இன்னும் குறைவு. சூடு சற்றே தணிந்ததும் துடைப்பது, ஒட்டியிருந்தால் கல்லுப்பும் துணியும் கொண்டு தேய்ப்பது அல்லது பிளாஸ்டிக் பிரஷ்ஷால் வெந்நீரில் கழுவுவது, அடுப்பில் காயவிட்டு ஒரு துளி எண்ணெய் தடவுவது. புளி போட்டு விளக்கக்கூடாது; புளியின் அமிலம் படலத்தை அரிக்கும். தொட்டியில் ஊறவிடக்கூடாது, டிஷ்வாஷரில் வைக்கக்கூடாது. கொதிக்கும் கல்லில் குளிர்ந்த தண்ணீரைக் கொட்டினால் வார்ப்பிரும்பு விரிசல் விடக்கூடும்.

நான்ஸ்டிக்கை வெறுமனே அடுப்பில் ஏற்றிவிட்டு அகல வேண்டாம். 500 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டினால் பூச்சு சிதையத் தொடங்கும். பெரிய தீயில் வெற்றுப் பாத்திரம் சில நிமிடங்களில் அந்தச் சூட்டைத் தொடும். அப்போது எழும் புகை கிளிகளையும் லவ் பேர்ட்ஸையும் கொன்றுவிடும். வீட்டில் பறவை வளர்ப்பவர்கள் தோசைக்கு இரும்பையே வைத்துக்கொள்ளுங்கள்.